வெள்ளைச் சட்டையை நீலக் குர்தாவாக்கும் நான்கு எண்கள்

படத்தின் ஒரு பகுதியை மட்டும் மறைத்துக் காட்டி, அந்த இடத்தைச் செயற்கை நுண்ணறிவு மாதிரியைக் கொண்டு புதிதாக வரையவைப்பது இன்பெயின்டிங். 2022இல் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷனும், அதை இயக்கும் ஆட்டோமேட்டிக்1111 போன்ற இடைமுகங்களும் இதைப் பரவலாக்கின. துணிக்கடைப் பட்டியலுக்காக, மாடலின் ஒப்புதலோடு எடுத்த படம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அவர் அணிந்திருக்கும் வெள்ளை முழுக்கைச் சட்டை, முழங்கால் வரை வரும் கருநீலக் குர்தாவாக மாற வேண்டும்.

முதல் வேலை மாஸ்க், அதாவது மாற வேண்டிய இடத்தின் மேல் பூசும் மறைப்பு. பழைய சட்டையை மட்டும் மறைத்தால் போதாது. புதிய உடை எங்கெல்லாம் வரப்போகிறதோ அங்கெல்லாம் மறைக்க வேண்டும். சட்டையோடு மறைப்பு நின்றுவிட்டால் குர்தாவும் இடுப்போடு நின்றுவிடும்.

முடிவை அதிகம் தீர்மானிப்பது டீநாய்ஸ் அளவு. திரையில் இதன் பெயர் Denoising strength. 0 முதல் 1 வரை வைக்கலாம். மாதிரி பழைய படத்தின் மேல் மணல் தூவியது போன்ற இரைச்சலை ஏற்றி, அதைப் படிப்படியாக நீக்கிக்கொண்டே புதியதை வரைகிறது. எவ்வளவு இரைச்சல் ஏற்றுவது என்பதைச் சொல்வதே இந்த எண். இரைச்சல் கூடும்போது முதலில் அழிபவை நூலிழை, சிறு மடிப்பு போன்ற நுணுக்கங்கள். பரந்த நிறமும் உருவமும் கடைசியில்தான் அழிகின்றன. அதனால் 0.4இல் கருநீலம் கேட்டாலும் வெளிர்நீலச் சாயல் படிந்த சட்டைதான் கிடைக்கும், பழைய பொத்தான் வரிசையும் தெரியும். குறிப்புச் சொற்களை எத்தனை முறை மாற்றி எழுதினாலும் இது சரியாகாது, ஏனெனில் கோளாறு சொற்களில் இல்லை. 0.7 முதல் 0.8 வரை போனால் நிறமும் தைப்பும் மாறும். தோளின் சாய்வும் கை மடங்கும் இடமும் ஓரளவு நிற்கும். 1ஐத் தொடும்போது பழைய உடலமைப்பின் தடம் ஏறக்குறைய போய்விடும், குர்தாவின் கை ஒரு பக்கமும் மணிக்கட்டு வேறு பக்கமும் நிற்கக்கூடும். இன்பெயின்டிங்குக்கென்றே பயிற்றப்பட்ட மாதிரிகள் சுற்றியுள்ள படத்தையும் சேர்த்து உள்வாங்குவதால், உயர்ந்த அளவையும் நன்றாகத் தாங்கும். மாற்றம் பெரிதாக இருந்தால் அவற்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மாஸ்க் பிளர் என்பது மறைப்பின் ஓரத்தை மங்கலாக்கும் அளவு. 0 வைத்தால் கழுத்தருகே கத்தரித்து ஒட்டியது போன்ற கோடு தெரியும். மிகவும் கூட்டினால் பழைய வெள்ளைத் துணி ஓரத்தில் கசிந்து, கருநீலத்தைச் சுற்றி வெளிறிய விளிம்பு தோன்றும். அப்போது பிளரைக் குறைக்கலாம், அல்லது மறைப்பைச் சற்று வெளியே தள்ளிப் பூசலாம். இந்த அளவு பிக்சலில் கணக்கிடப்படுவதை மறக்கக்கூடாது: 512 பிக்சல் படத்தில் போதுமான 4, நாலாயிரம் பிக்சல் படத்தில் இருப்பதே தெரியாது. பொத்தான் போன்ற சிறிய மறைப்பிலோ, பிளர் பெரிதானால் நடுப்பகுதியும் நீர்த்துப்போய் மாற்றமே அரைகுறையாக நிற்கும்.

பேடிங், மறைத்த பகுதியை மட்டும் வெட்டியெடுத்து வரையும் Only masked முறையில்தான் வேலை செய்யும். மறைப்பைச் சுற்றி எத்தனை பிக்சலையும் சேர்த்து மாதிரிக்குக் காட்டுவது என்பதே இந்த எண். இயல்பாக 32 இருக்கும். கழுத்துப்பட்டையில் 300 பிக்சல் சதுரம் ஒன்றைத் திருத்துவதாக வைத்துக்கொண்டால், 32 பேடிங்கில் வெட்டப்படும் சதுரம் 364 பிக்சல். அதை 1024க்குப் பெரிதாக்கி வரையும்போது துணி சுமார் 2.8 மடங்கு பெரிதாகிறது, தையல்கூடத் தெளிவாக வரும். பேடிங் 200 ஆனால் சதுரம் 700 பிக்சல். பெரிதாவது ஒன்றரை மடங்குக்கும் குறைவு, எனவே நுணுக்கம் குறையும். ஆனால் தாடையும் தோளும் கண்ணில் படுவதால் வெளிச்சத்தின் திசையும் மடிப்பின் போக்கும் பொருந்தும். கழுத்துப்பட்டை அழகாக இருந்தும் நிழல் எதிர்ப்பக்கம் விழுந்தால் பேடிங் போதவில்லை என்று கொள்ளலாம். முழு உடைக்குப் பெரிய பேடிங்கும், பிறகு சிறு திருத்தங்களுக்குச் சிறிய பேடிங்கும் வைப்பது நல்ல வழி.

சீட் என்பது தொடக்க இரைச்சலின் எண். -1 என்றால் ஒவ்வொரு முறையும் புதியது வரும். மடிப்பு விழும் விதமும் கழுத்தின் வடிவமும் மாறிக்கொண்டே இருக்கும். முதலில் -1இல் சில படங்கள் எடுத்து, உருவம் பிடித்த ஒன்றின் சீட்டை நிலையாக்கி, பிறகு டீநாய்ஸை 0.7, 0.75, 0.8 என நகர்த்தினால்தான் எந்த மாற்றம் எதனால் வந்தது என்று தெரியும். சீட் மாறிக்கொண்டே இருக்கும்போது செய்யும் ஒப்பீடு எதையும் காட்டாது. டீநாய்ஸ் குறைவாக இருக்கும்போது பழைய படமே ஆள்வதால் சீட்டை மாற்றினாலும் பெரிய வேறுபாடு வராது. வரையும் அகல உயரங்களை மாற்றினால் தொடக்க இரைச்சலே மாறிவிடும். அதே சீட் இருந்தாலும் அதே குர்தா திரும்ப வராது. அதனால் அளவை முதலிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் சீட்டைத் தேட வேண்டும்.