ஒரு மருந்துக்கு ஐந்து கேள்விகள்

இளம் மருத்துவர்களின் ஆய்வு வாசிப்புக் கூட்டத்துக்கு ஒரே தாள் போதும். அதில் ஐந்து கேள்விகள். 2020இல் பிரிட்டனில் நடந்த 'ரெகவரி' ஆய்வை அதில் வைத்துப் பார்க்கலாம்.

கேள்வி என்ன? மருத்துவமனையில் சேர்ந்த கோவிட் நோயாளிகளின் 28 நாள் இறப்பை டெக்சாமெத்தசோன் குறைக்குமா?

யாருக்கு மருந்து என்பதை யார் முடிவுசெய்தார்? கணினிக் குலுக்கல். மருத்துவர் முன்கூட்டி அறிய வழியில்லை.

மருந்து தரப்படுவது தெரிந்திருந்ததா? ஆம். வலி போன்ற அளவீடு என்றால் அது முடிவைச் சாய்த்திருக்கும். இறப்பை அப்படிச் சாய்ப்பது கடினம்.

பலன் எவ்வளவு? வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆனது. சுமார் எட்டுப் பேருக்குக் கொடுத்தால் ஓர் உயிர் மிஞ்சும்.

யாருக்குப் பொருந்தும்? ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் தெரியவில்லை; தீங்கு நேரும் சாத்தியத்தையும் மறுக்க முடியவில்லை. கூட்டம் அதிக நேரம் செலவிட வேண்டியது இந்த ஐந்தாம் கேள்விக்கே.