நடந்தால் வரும் வலியும் படுத்தாலும் விடாத வலியும்

நிறைமாத இடுப்பு வலி: சந்தேகங்களும் விளக்கங்களும்

கர்ப்பிணிகளில் ஐந்தில் ஒருவருக்காவது இடுப்பு எலும்பு வளையத்தில் வலி வருகிறது. வேலம்பாளையம் போல வீட்டுக்கு வீடு பனியன் வேலைக்குப் போகும் ஊரில் ஏழாம் மாதம், எட்டாம் மாதம் வரை பெண்கள் மெஷினில் உட்கார்கிறார்கள், செக்கிங் டேபிளில் நிற்கிறார்கள். 'மாசமா இருந்தா வலிக்கத்தான் செய்யும்' என்று சொல்லி எல்லா வலியையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவதுதான் சிக்கல். பெரும்பாலும் அது பயப்பட வேண்டாத வலிதான். ஆனால் பயப்பட வேண்டிய வலிகள் சிலவும் அதே இடத்தில்தான் வருகின்றன.

செக்கிங்கில் நின்று வேலை பார்க்கிறேன். இது 32-வது வாரம். ஒரு மாதமாக அடிவயிற்றுக்குக் கீழே முன் எலும்பிலும் தொடை இடுக்கிலும் வலி. சாயங்காலம் படி ஏற முடிவதில்லை. புரண்டு படுத்தால் 'டக்'கென்று சத்தம் கேட்கிறது. குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?

ஆகாது. வலி உங்கள் எலும்பு மூட்டுகளில் இருக்கிறது, கருப்பையில் இல்லை. இடுப்பு எலும்பு ஒரு வளையம். பின்பக்கம் இரண்டு மூட்டு, முன்பக்கம் ஒரு மூட்டு, மூன்றும் சேர்ந்து அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. முன் மூட்டில் சாதாரணமாக 4, 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். கர்ப்ப காலத்தில் தசைநார்கள் இளகி அது இன்னும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விரியும். விரிவதால் மட்டும் வலி வருவதில்லை. மூன்று மூட்டும் ஒரே சீராக அசையாமல், ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் அசையும்போதுதான் வலிக்கிறது. அதனால்தான் எடையெல்லாம் ஒரு காலில் விழும் நேரங்களில் அது கூடுகிறது. படி ஏறுவது, நின்றுகொண்டே சேலையோ பேண்ட்டோ மாற்றுவது, வண்டியில் இருந்து இறங்குவது, படுக்கையில் புரள்வது எல்லாம் அப்படிப்பட்டவை.

இந்த வலிக்கு ஒரு பழக்கம் உண்டு. அசைந்தால் வரும், நின்று நின்று கூடும், கால் இரண்டையும் சேர்த்துச் சாய்ந்து படுத்தால் மெல்லத் தணியும். காலையைவிட ஷிப்ட் முடியும்போது அதிகமாக இருக்கும். முன் எலும்பைத் தொட்டால் அந்த இடத்திலேயே வலிக்கும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலை ஒரு சாண் உயரம் தூக்கிப் பாருங்கள். கால் கனத்துப்போய் தூக்கவே முடியாதது போலத் தோன்றினால் மூட்டு வலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்காக டாக்டரிடம் சொல்லாமல் விடவேண்டியதில்லை. அடுத்த செக்கப்பில் கட்டாயம் சொல்லுங்கள், பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நடையே தடுமாறினால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள்.

இருமினாலும் திடீரென்று எழுந்தாலும் தொடை இடுக்கில் சுருக்கென்று குத்துகிறது. ஒரு நிமிடத்தில் போய்விடுகிறது. இதுவும் அதுதானா?

இது வேறு, இதுவும் சாதாரணம்தான். கருப்பையை இருபுறமும் தாங்கும் நார்கள் தொடை இடுக்கு வரை வருகின்றன. அவை சட்டென்று இழுபட்டால் இப்படிச் சுருக்கென்று குத்தும். கடைசி வாரங்களில் குழந்தையின் தலை கீழே இறங்கும்போது பிறப்புறுப்புப் பக்கம் மின்னல் வெட்டியது போல ஒரு வலி வந்து போவதும் உண்டு. நொடிகளில் போய்விடுவதுதான் இவற்றின் அடையாளம்.

இடுப்பும் அடிவயிறும் விட்டு விட்டு வலிக்கிறது. அத்தை இது சூட்டு வலி, சீரகக் கசாயம் குடித்தால் அடங்கும், அடங்காவிட்டால் பிரசவ வலி என்கிறார். எனக்கு 35 வாரம்.

கசாயம் குடிப்பதில் தவறில்லை. அடங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே மணிக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருப்பதுதான் தவறு. வயிற்றின் மேல் கை வைத்துப் பாருங்கள். மூட்டு வலியில் வயிறு இறுகாது. வயிறு கல் போல இறுகித் தளர்ந்து, மறுபடி இறுகினால் கருப்பை சுருங்குகிறது என்று பொருள். எப்போதாவது ஒருமுறை இறுகி, இடம் மாறிப் படுத்ததும் தண்ணீர் குடித்ததும் நின்றுவிட்டால் அது பொய் வலி. சீரான இடைவெளியில் வந்தாலோ, இடைவெளி குறைந்துகொண்டே வந்தாலோ, 37 வாரம் முடியாதவர் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குறைமாதத்தில் பிறக்கப் போகும் குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்குத் தாய்க்கு ஊசி போடுவார்கள். பிரசவத்துக்கு முன்பே அது போடப்பட்டு, வேலை செய்ய நேரம் கிடைக்க வேண்டும். கசாயத்தோடு கழியும் இரவு அந்த நேரத்தைத்தான் தின்றுவிடும்.

மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போடலாமா?

டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். 'கம்பெனியில் நின்று இடுப்பு வலி' என்று மட்டும் சொன்னால் கடையில் கைக்கு வரும் மாத்திரையில் டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், இபுபுரூபன் ஆகியவற்றில் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். பாராசிட்டமாலோடு சேர்ந்தும் இவை வருகின்றன, அதனால் அட்டையில் பாராசிட்டமால் என்ற பெயரைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். 20 வாரத்துக்குப் பிறகு இவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். கடைசி மூன்று மாதங்களில் குழந்தையின் இதயத்தருகே திறந்தே இருக்க வேண்டிய ரத்தக் குழாயை முன்கூட்டியே சுருக்கிவிடவும் கூடும். தேய்க்கும் ஜெல்லிலும் இதே மருந்துகள் உண்டு. டாக்டர் சொன்ன அளவில் தனிப் பாராசிட்டமால் போடலாம். ரத்த அழுத்தத்துக்காக டாக்டரே குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதித் தந்திருந்தால் அது வேறு கணக்கு, அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வேலையை விட முடியாது. வலி குறைய என்ன செய்வது?

இரண்டு காலிலும் எடை சமமாக விழும்படி பார்த்துக்கொள்வதுதான் வழி. செக்கிங்கில் இருப்பவர் ஒரு காலில் சாய்ந்து நிற்பதைத் தவிர்த்து, உயரமான ஸ்டூல் கேட்டு உட்கார்ந்து பார்க்கலாம். மெஷினில் இருப்பவருக்கு ஒரு கால் பெடலிலேயே இருப்பதால் இடுப்பு ஒரு பக்கம் திரும்பியே இருக்கும். முதுகு சாயும் நாற்காலியும், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடப்பதும் உதவும். வண்டியில் பின்னால் ஏறி இறங்கும்போது முழங்கால் இரண்டையும் சேர்த்தே திருப்புங்கள். பாயில் படுப்பவர் முழங்கால் நடுவே தலையணை வைத்து ஒருக்களித்துப் படுத்து, எழும்போது முதலில் மண்டியிட்டு, பிறகு சுவரைப் பிடித்து எழலாம். படியில் வலிக்காத காலை முதலில் மேலே வையுங்கள், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலும் சேரட்டும். இடுப்பு பெல்ட் வாங்கினால் வயிற்றின் மேல் இறுக்காமல், வயிற்றுக்குக் கீழே இடுப்பு எலும்பைச் சுற்றி வரும்படி, நடமாடும் நேரத்துக்கு மட்டும் போடுங்கள்.

குந்தி உட்கார்ந்து வீடு துடைத்தால் சுகப்பிரசவம் ஆகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். முன் எலும்பில் வலி உள்ளவருக்கு அது வலியைத்தான் கூட்டும். பாதங்களைச் சேர்த்து முழங்காலை விரிக்கும் 'பட்டாம்பூச்சி' உடற்பயிற்சியும் அப்படித்தான். வளைகாப்பில் இரண்டு மணி நேரம் சப்பணமிட்டு உட்கார வேண்டாம், நாற்காலி போடச் சொல்லுங்கள், சொல்லத் தயங்காதீர்கள்.

விடுப்பு பற்றி ஒரு வார்த்தை. 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு உண்டு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். இஎஸ்ஐ பிடித்தம் உள்ளவர்கள் இஎஸ்ஐ மூலம் பெறலாம். கான்ட்ராக்டில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்களுக்கு இது எட்டாமலே போய்விடுகிறது என்பது வருத்தத்துக்குரியது. பிடித்தம் உண்டா என்பதைக் கர்ப்பம் உறுதியானவுடனே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

எந்த வலிக்கு உடனே போக வேண்டும்?

முதல் கேள்வி கேட்டவரைப் போன்ற ஒருவரையே எடுத்துக்கொள்வோம். ஒரு மாதமாக அவருக்கு வலி பழகிவிட்டது. 35-வது வாரத்தில் ஒருநாள் இடது தொடை இடுக்கில் வலி கூடுகிறது. பழைய வலிதான் என்று நினைக்கிறார். ஆனால் படுத்தும் தணியவில்லை, இடது கால் கனக்கிறது, செருப்பு அந்தக் காலில் மட்டும் இறுக்குகிறது. இரண்டு காலும் சேர்ந்து வீங்குவது நிறைமாதத்தில் சாதாரணம். ஒரு கால் மட்டும் வீங்குவது அப்படியல்ல, அது ஆழமான ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். கர்ப்பத்தில் இது பெரும்பாலும் இடது காலில், தொடை இடுக்கு மட்டத்திலேயே வருகிறது, அதனால் மூட்டு வலி என்று ஏமாற்றிவிடும். டெய்லர் வீட்டில் இஞ்ச் டேப் இருக்கும். முழங்காலுக்குக் கீழே நான்கு இஞ்ச் தள்ளி இரண்டு கெண்டைக்காலையும் சுற்றி அளந்து பாருங்கள். முக்கால் இஞ்சோ அதற்கு மேலோ வித்தியாசம் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி, காலில் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். அளவு சரியாக இருந்தாலும், வலியும் கனமும் விடாமல் இருந்தால் போகத்தான் வேண்டும். அந்தக் காலைத் தேய்த்து உருவிவிடக் கூடாது. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108-ஐ அழையுங்கள்.

இதேபோல, ஒரு காலை ஊன்றவே முடியாமல் தொடை இடுக்கு வலித்து நொண்டத் தொடங்கினால் இடுப்பு மூட்டைப் பரிசோதிக்க வேண்டும். நிறைமாதத்தில் அபூர்வமாகச் சிலருக்கு அந்த மூட்டின் எலும்பு தற்காலிகமாக மெலிந்து, முறியக்கூடிய நிலைக்குப் போகும். தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, சிறுநீர் வராமல் நிற்பது அல்லது தெரியாமல் போய்விடுவது தண்டுவட நரம்பு அழுத்தப்படுவதன் அடையாளம், அதுவும் அவசரம்.

கம்பெனி கழிப்பறைக்குப் போகக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும். முன் எலும்புக்கு மேலே வலியும், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலும் சேர்ந்தால் சிறுநீர்ப் பரிசோதனை தேவை. குளிர் காய்ச்சலும் விலாப்பக்க வலியும் வந்தால் தொற்று சிறுநீரகம் வரை போயிருக்கலாம், குறைப்பிரசவத்துக்கும் அது வழிவிடும்.

ரத்தம் படுதல், தண்ணீர் போல ஒழுகுதல், வயிறு தளராமல் கல்லாகவே இருந்து வலித்தல், கண் மங்கலோடு தலைவலியும் மேல்வயிற்று வலியும் வருதல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே கிளம்புங்கள். முன்பு சிசேரியன் ஆனவருக்குத் தழும்பில் விடாத வலி வந்தாலும் அப்படியே. குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தது போலத் தோன்றினால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துக் கவனியுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு இல்லையென்றால் இரவானாலும் போக வேண்டும். அசைவே இல்லையென்றால் அந்த இரண்டு மணி நேரமும் காத்திருக்காதீர்கள்.

இந்த மூட்டு வலி இருந்தால் சிசேரியன்தானா?

இல்லை. இந்த வலிக்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. பிரசவத்துக்கு முன்பே, மல்லாந்து படுத்து வலிக்காமல் முழங்கால்களை எவ்வளவு தூரம் விரிக்க முடிகிறது என்று அளந்து, உங்கள் தாய் சேய் நலப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். பிரசவ அறையில் அதை நர்சிடம் காட்டுங்கள். கூடியவரை அந்த அளவுக்குள்ளேயே கால்களை வைக்க, ஒருக்களித்த நிலையிலோ மண்டியிட்ட நிலையிலோ பிரசவம் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். கால்களைத் தூக்கி வைக்க நேர்ந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் தூக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்களுக்குப் பிரசவம் ஆன சில வாரங்களில் வலி விட்டுவிடும். மூன்று மாதம் கழித்தும் படி ஏறும்போது வலித்தால், மெஷினுக்குத் திரும்பும் முன் மறுபடி பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்.