எந்தச் சாய்வு?

ஒவ்வொரு சரக்குக் கப்பலுக்கும் அதற்கென்றே தயாரித்த நிலைத்தன்மைக் கையேடு ஒன்று உண்டு. சரக்கை எங்கே எவ்வளவு ஏற்றுவது, எந்தத் தொட்டியில் நீர் நிரப்புவது என்பதையெல்லாம் டெக் அதிகாரி அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். அதைத் தமிழாக்க உட்காருபவர் ‘சாய்வு’ என்ற சொல்லிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

காற்றோ கூர்மையான திருப்பமோ கப்பலை ஒரு பக்கம் தள்ளினால் அது ஹீல். தள்ளுவது நின்றதும் கப்பல் நிமிர்ந்துவிடும். ஒரு பக்கம் எடை கூடிச் சாய்ந்தே நின்றால் லிஸ்ட். மூன்றாவதாக லோல் என்று ஒன்று உண்டு. அதில் இரு பக்க எடையும் சமம்தான். ஆனால் மேலே கனம் கூடிவிட்டதால் கப்பலால் நேராக நிற்க முடியாது, ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும். மூன்றையும் ‘சாய்வு’ என்று எழுதினால் மொழிப்பிழை இல்லை. ஆனால் கப்பல் கவிழலாம்.

மேல்தளத்தில் மரத்தடி ஏற்றிய கப்பல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பயணத்தில் அடித்தொட்டி எண்ணெய் எரிந்து குறைகிறது. மேலே மரம் மழைநீரையும் அலைநீரையும் குடித்துக் கனக்கிறது. கையேட்டில் GM என்று குறிக்கப்படும் அளவு சுருங்கிச் சுருங்கிச் சுழிக்குக் கீழே போகிறது. ஒருநாள் காலை கப்பல் இடப்பக்கம் 8 பாகை சாய்ந்திருக்கிறது.

‘சாய்ந்தால் எதிர்ப்பக்கத் தொட்டியை நிரப்புக’ என்று தமிழ்க் கையேடு சொன்னால், அது லிஸ்ட்டுக்குச் சரி. லோலில் அப்படிச் செய்தால் கப்பல் எழுந்து, நிற்காமல் வலப்பக்கம் வேகத்தோடு விழும். முன்பைவிட அதிகம் சாயும், கவிழவும் கூடும். லோலில் அடியிலுள்ள சிறிய தொட்டிகளை, தாழ்ந்த பக்கத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும். முதலில் சாய்வு சற்றுக் கூடும், பதறக் கூடாது. எடைக் கணக்கு இரு பக்கமும் சமமாக வந்தும் கப்பல் சாய்ந்திருந்தால், மெதுவாக ஆடி இப்பக்கமும் அப்பக்கமும் விழுந்தால், அது லோல்தான் என்று சந்தேகிக்கலாம். ஆகவே ஹீல், லிஸ்ட், லோல் மூன்றையும் தமிழ் எழுத்தில் அப்படியே வைத்து, பக்கத்தில் விளக்கம் தருவதே என் தேர்வு.

ட்ரிம் நீளவாட்டுச் சங்கதி. மீனவர் பேச்சில் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். அணியத்தில் 5.80 மீட்டரும் அமரத்தில் 6.40 மீட்டரும் கப்பல் நீரில் அமிழ்ந்திருந்தால், அமரம் நோக்கி 60 சென்டிமீட்டர் ட்ரிம். இதைக் கூட்டல் குறியோடு எழுதும் கையேடும் உண்டு, கழித்தல் குறியோடு எழுதுவதும் உண்டு. மூலத்தின் குறியை மாற்றவே கூடாது.

ஃப்ரீபோர்டு என்பது கப்பலின் நடுப்பகுதியில் நீர்மட்டத்திலிருந்து தளம் வரை மிஞ்சும் உயரம். சரக்கு ஏற ஏற அமிழ்வாழம் கூடும், இது குறையும். இரண்டுக்கும் ‘மிதவை அளவு’ என்று எழுதிய வரைவு உடனே குப்பைக்குப் போக வேண்டியது.

சர்வதேசக் கடல்சார் அமைப்பின் 2008 நிலைத்தன்மை நெறிமுறை, மொழிபெயர்ப்புக்கும் ஒப்புதல் கோருகிறது. ஒப்புதல் முத்திரை இல்லாத தமிழ்ப் பிரதியைப் படித்துப் புரிந்துகொள்ளலாம். அதை வைத்துச் சரக்கு ஏற்றாதீர்கள்.