முட்டை விட்டதும் கேக் மாவு திரிவது ஏன்?

வெண்ணெய் 200 கிராம், சர்க்கரை 200 கிராம். இரண்டையும் வெளுத்து நுரைக்கும்வரை அடித்தாயிற்று. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த முட்டைகளை ஊற்றியதும், வழவழப்பான கலவை திரிந்த பால்போல் திப்பிதிப்பியாகி, ஓரத்தில் நீர் கசிகிறது.

முட்டை கெட்டுவிடவில்லை. முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்; நான்கு முட்டையில் ஏறக்குறைய 150 மில்லி. வெண்ணெயிலோ 80 சதவீதம் கொழுப்பு. மஞ்சள் கருவிலுள்ள லெசித்தின் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். ஆனால் குளிர்ச்சி பட்டால் வெண்ணெய் இறுகிவிடும். மொத்தமாக ஊற்றினால் அத்தனை தண்ணீரையும் கொழுப்பால் தாங்க முடியாது. பிடி விட்டு, தண்ணீர் பிரிந்து நிற்கும்.

இப்படித் திரிந்துவிட்டால், அளந்து வைத்த மைதாவில் ஒரு மேசைக்கரண்டி சேர்த்தால் அது தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். குளிர்தான் காரணமென்றால், கிண்ணத்தை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்து அடிக்கலாம். வெண்ணெய் உருகிவிடக் கூடாது.

கலவை சேராவிட்டாலும் கொட்ட வேண்டாம். மீதி மைதா சேர்ந்ததும் பெரும்பாலும் ஒன்றுகூடிவிடும். அடித்துச் சேர்த்த காற்றில் கொஞ்சம் போயிருக்கும். பேக்கிங் பவுடர் போட்ட கேக்கில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. அது போடாத பவுண்டு கேக் சற்று அழுத்தமாக வரும்.

அடுத்த முறை முட்டையை முன்கூட்டியே வெளியே எடுத்துவைத்து, ஒவ்வொன்றாக விட்டு அடியுங்கள்.