உப்புச் சண்டை

சர்வர் மூச்சுவிடாமல் முப்பது பலகாரம் ஒப்பிப்பார். எல்லாம் கேட்டுவிட்டு, "ரெண்டு இட்லி" என்பார் வந்தவர். மிளகாய் ஜோக்கும் இதே பழசுதான்: "காரமா இருக்கா?" என்று கேட்டால் பதிலுக்குக் கண்ணீர்தான் வரும். (அவருக்குத் தண்ணீர் நீட்டாதீர்கள். காரம் தரும் கேப்சைசின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, தயிர் கொடுங்கள்.)

ஆனால் வீட்டில் தினமும் அரங்கேறுவது உப்பு நகைச்சுவை. "ரசத்துல உப்பே இல்லம்மா" என்பான் மகன். "எனக்குக் கரிக்குதே" என்பார் அப்பா. இருவர் சொல்வதும் உண்மை. ரத்தக்கொதிப்புக்காக உப்பைக் குறைத்தவருக்குச் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். பிறகு பழைய அளவே கரிக்கும். ஹோட்டல் சாப்பாட்டிலேயே வளர்ந்த நாக்குக்கு அதே ரசம் சப்பென்றிருக்கும்.

மதியம் சரியாக இருந்த குழம்பு ராத்திரி கரிப்பதற்கும் அம்மா காரணமில்லை. சுட வைக்கும்போது தண்ணீர் வற்றுகிறது, உப்பு வற்றுவதில்லை. அப்போது கொஞ்சம் வெந்நீர் விட்டால் போதும்.

என் தீர்ப்பு அப்பா பக்கம்தான். குறைத்துப் போட்டுச் சமையுங்கள். வேண்டியவர் தட்டில் சேர்த்துக்கொள்ளட்டும். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவு. ஊறுகாய், அப்பளம் எல்லாம் சேர்த்துத்தான்.