நான்கு காலும் தரையில்

கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் நாய் ஓடிவந்து முன்னங்கால்களை உங்கள் மார்பில் வைக்கிறது. அது கெட்ட பழக்கத்தால் வந்ததல்ல, பாசத்தால் வந்தது. வெளியே போய்த் திரும்பும் தாயின் வாயோரத்தை நக்கி வரவேற்பது குட்டி நாயின் இயல்பு. மனிதர்களின் முகமோ ஐந்தடி உயரத்தில் இருக்கிறது, அதை எட்டத் தாவித்தானே ஆக வேண்டும்? குட்டியாக 3 கிலோ இருந்தபோது அப்படித் தாவியதும் நாம் தூக்கிக் கொஞ்சினோம். ஒன்றரை வயதில் 30 கிலோ லாப்ரடாராக வளர்ந்தபின் அதே செயலுக்குத் திட்டுகிறோம். நாய்க்கு இந்த மாற்றத்தின் காரணம் புரிய வழியே இல்லை.

திட்டினால் நிற்பதும் இல்லை. "டேய், இறங்கு!" என்று கத்தி இரண்டு கைகளாலும் தள்ளும்போது நாய்க்குக் கிடைப்பவை மூன்று: நம் பார்வை, நம் குரல், நம் கை. அது கேட்டதே அவற்றைத்தான். தள்ளுவதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாகப் பாயும் நாய்கள் நிறைய உண்டு. முழங்காலால் மார்பில் இடிப்பது, பின்கால் விரலை மிதிப்பது என்று சிலர் சொல்லும் பழைய வழிகள் நாய்க்குக் காயம் உண்டாக்கலாம். அதோடு, விருந்தாளி என்றாலே வலி என்ற பாடத்தையும் கற்பித்துவிடும். பயந்த நாய் தாவும் நாயைவிட ஆபத்தானது.

"கண்டுகொள்ளாமல் முதுகைத் திருப்பிக்கொள்ளுங்கள்" என்பது பலரும் சொல்லும் யோசனை. திடகாத்திரமான பெரியவர்களுக்கு அது ஓரளவு பலிக்கும். ஆனால் எப்போதும் பலன் தந்த செயல் திடீரென்று பலன் தராமல் போனால், நாய் முதலில் அதையே இன்னும் பலமாகச் செய்து பார்க்கும். அந்த நேரத்தில் எதிரே நிற்பவர் கைத்தடி ஊன்றிய பாட்டி என்றால்? முதுகைத் திருப்பிய அவர் மேல் 30 கிலோ பாய்ந்தால் இடுப்பு எலும்பு முறியலாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் முதியவருக்கு ஒரு நகக்கீறலே பெரிய இரத்தக்கட்டாகிவிடும். குழந்தைக்கு வேறு சிக்கல். அதன் முகம் நாயின் வாய்க்கு நேரே இருக்கிறது. பயத்தில் கத்திக்கொண்டு ஓடினால் நாய் துரத்தும். ஆகவே, நாயைப் பழக்கும் வேலையைப் பாட்டியிடமோ பேரனிடமோ ஒப்படைக்கக் கூடாது. வீட்டில் நாய்க்குப் பொறுப்பாக இருப்பவர்தான் அதைச் செய்ய வேண்டும், தின்பண்டமும் அவர் கையிலிருந்துதான் வர வேண்டும். விருந்தாளியின் கையில் தின்பண்டம் இருந்தால் அந்தக் கையை நோக்கி நாய் மேலே எழும்பும்.

பாட்டி, ஆறு வயதுப் பேரன், லாப்ரடார், மருமகள் இருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். உப்பும் மசாலாவும் எலும்பும் இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியைப் பட்டாணி அளவுக்கு நறுக்கி ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொள்ளலாம். கழுத்தை இறுக்கும் செயின் வேண்டாம், சாதாரண கழுத்துப் பட்டையோ உடல் பட்டையோ போதும். அதில் கோத்த ஐந்தடிக் கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டி, மருமகள் நாயின் பக்கத்தில் நிற்கிறார். கணவர் பத்தடி தூரத்திலிருந்து மெல்ல நடந்து வருகிறார். முன்னங்கால் தரையைவிட்டு எழுந்தால் அவர் பேசாமல் இரண்டடி பின்வாங்குகிறார். நான்கு காலும் தரையில் இருக்கும்போது மருமகள் ஒரு துண்டுக் கறியை நாயின் முன்னங்கால்களுக்கு நடுவே தரையில் வைக்கிறார், கணவர் இன்னொரு அடி முன்னே வருகிறார். வாய்க்கு நேரே நீட்டாமல் தரையில் வைப்பதில்தான் விஷயம் இருக்கிறது. தலை கீழே போகும்போது கால் மேலே எழாது. அருகே வந்தவர் தாடைக்குக் கீழே, மார்பில், மூன்று நொடி தடவிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். நீளமாகக் கொஞ்சினால் உற்சாகம் ஏறிப் பழைய கதை தொடங்கும். ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஐந்தைந்து நிமிடம் போதும்.

இதில் ஒரு பிசகு அடிக்கடி நேரும். நாய் தாவும், உடனே இறங்கி உட்காரும், கையைப் பார்க்கும். தாவி இறங்கினால்தான் கறி கிடைக்கும் என்று அது கணக்குப் போட்டுவிட்டது. கால் எழுவதற்கு முன்பே, வருபவர் இன்னும் தூரத்தில் இருக்கும்போதே கறியை வைக்கத் தொடங்கினால் இது சரியாகும். இன்னொரு பிசகு மனிதர்களுடையது. "என் மேல மட்டும் தாவட்டும், பரவாயில்லை" என்று இரவு வீடு திரும்பும் ஒருவர் விட்டுக்கொடுத்தால், எப்போதாவது பலன் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் நாய் எல்லார் மீதும் முயன்றுகொண்டே இருக்கும்.

பாட்டியின் முறை வருவதற்கு முன் நாய் கைத்தடிக்கோ வாக்கருக்கோ பழக வேண்டும். பல நாய்களுக்கு அதன் அசைவும் சத்தமும் புதிது. முதலில் அதைச் சும்மா சுவரில் சாய்த்து வைத்து முகர்ந்து பார்க்க விடலாம். பிறகு வேறொருவர் அதை ஊன்றி நடந்து காட்டலாம். பாட்டி வரும் நாளில் நாய் கூடத்து ஓரத்தில் தன் பாயில், கயிற்றோடு இருக்கட்டும். "அத்தை, நீங்க முதல்ல வந்து நாற்காலில உக்காருங்க. அவன் அமைதியானதும் நான் கூட்டிட்டு வரேன்" என்று மருமகள் சொல்கிறார். நாயை நேர் எதிரே கொண்டுவராமல் நாற்காலியின் பக்கவாட்டில் கொண்டுவந்தால் பாய்வதற்கு இடமிருக்காது. பாட்டி குனிய வேண்டாம், ஊட்ட வேண்டாம், விருப்பமிருந்தால் கையைத் தொங்கவிட்டுத் தொடலாம். அவருக்கு நாய் பிடிக்காது என்றால் நாய் பாயிலேயே இருந்துவிடட்டும். அதுவும் மரியாதையான வரவேற்புதான்.

பேரனுக்குச் சொல்லித்தர வேண்டியது இரண்டுதான். நாய் வரும்போது மரம் மாதிரி நிற்க வேண்டும்: கைகளைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, ஓடாமல். நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, உதட்டை நக்கினாலோ, கண்ணின் வெள்ளை தெரிந்தாலோ தொடுவதை நிறுத்த வேண்டும். சின்னப் பிள்ளையையும் நாயையும் தனியே விடாமல் பார்த்துக்கொள்வது பெரியவர்களின் வேலை.

வருபவர் யாராக இருந்தாலும் கயிறு தொய்வாகவே கிடக்கிறது என்றால் பழக்கம் பிடிபட்டுவிட்டது. அதன் பிறகும் சில வாரங்களுக்கு, ஆள் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், கயிறு கழுத்துப் பட்டையிலிருந்து தரையில் இழுபடட்டும். தாவ முயன்றால் அதன்மேல் காலை வைத்தாலே போதும்.

எல்லாத் தாவலும் வரவேற்பு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். உடல் விறைத்து உறுமினாலோ, கையை வாயில் கவ்வினாலோ கால்நடை மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி. நாள் முழுக்க மொட்டை மாடியில் கட்டிக்கிடக்கும் நாய்க்கு எந்தப் பயிற்சியும் ஏறாது, முதலில் அதை நடக்க அழைத்துப் போங்கள். நகத்தால் கீறல் பட்டால், சொந்த நாயே ஆனாலும், ஓடும் நீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

நாய் முழுதாகப் பழகும்வரை, காலிங் பெல் அடித்ததும் முதலில் கயிற்றை மாட்டுங்கள், அப்புறம் கதவைத் திறங்கள். வெளியே நிற்பவர் ஒரு நிமிடம் காத்திருப்பார்.