கண்ணாடி போட்டால் போனுக்கு ஆள் தெரியவில்லை

"பகல்ல நல்லாத்தான்டா திறக்குது. விடிகாலைல நடக்கக் கிளம்பறப்போ திறக்க மாட்டேங்குது. ராத்திரி டியூப்லைட்டுக்குக் கீழே கண்ணாடியோட உட்கார்ந்தாலும் அதே கதைதான்" என்றார் சித்தப்பா. இரண்டும் ஒரே கோளாறு என்பது அவர் முடிவு. போன் மாற்றவும் தயாராக இருந்தார்.

இரவு எட்டு மணிக்கு, அவர் வழக்கமாக உட்காரும் அதே நாற்காலியில் உட்காரவைத்து, செல்ஃபி கேமராவைத் திறக்கச் சொன்னேன். படம் எடுக்க வேண்டாம், திரையைப் பார்த்தால் போதும். மூக்குக்கண்ணாடியின் இரு வில்லைகளிலும் டியூப்லைட் வெள்ளைக் கோடாக விழுந்து, கண்கள் இருக்கும் இடமே தெரியவில்லை. முகத்தை அடையாளம் காணப் போனுக்குக் கண்ணும் அதைச் சுற்றியுள்ள பகுதியும் ரொம்ப முக்கியம். தலையைச் சற்றுக் குனியச் சொன்னதும் கோடு நகர்ந்தது, போனும் திறந்தது. பிறகு விளக்கை அணைத்தேன். திரையில் ஒரு கருப்பு நிழல்தான் மிஞ்சியது.

ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலானவை முகத்தைப் பார்ப்பது இந்தச் செல்ஃபி கேமராவால்தான். தனியாக சென்சார் கிடையாது. நமக்குத் திரையில் தெரியாத முகம் அதற்கும் தெரியாது. 2017-இல் வந்த ஐபோன் எக்ஸ் தொடங்கி ஃபேஸ் ஐடி உள்ள ஐபோன்களில் ஏற்பாடு வேறு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் 30,000-க்கும் மேற்பட்ட புள்ளிகளை முகத்தில் வீசி, அதன் மேடுபள்ளத்தை அளக்கின்றன. அறை இருட்டாக இருந்தாலும் அவற்றுக்குப் பரவாயில்லை. அவை இருட்டில் மட்டும் தடுமாறினால் முதலில் அழுக்கையும் ஸ்க்ரீன் கார்டையும் சந்தேகிக்கலாம். அகச்சிவப்பைத் தடுக்கும் சில கூலிங் கிளாஸ்கள் மட்டும் இந்த முறையையும் ஏமாற்றிவிடும்.

சித்தப்பாவின் போனில் இன்னொன்றும் தெரிந்தது. செல்ஃபி திரையில் டியூப்லைட்டைச் சுற்றி மூடுபனிபோல ஒரு வெளிச்ச வட்டம். கேமராவின் மேல் எண்ணெய் படிந்ததற்கு அதுதான் அடையாளம். போனில் பேசும்போது காதும் கன்னமும் படுவது திரையின் மேல்முனையில். கேமராவும் அங்கேயேதான் இருக்கிறது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கிற வீட்டில் கேட்கவே வேண்டாம். மூக்குக்கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியை லேசாக ஈரமாக்கித் துடைத்து, உலர்ந்த பக்கத்தால் இன்னொரு முறை துடைத்தால் போதும். எதையும் நேரே தெளிக்கக் கூடாது. ஊசியால் சுரண்டவும் கூடாது. துடைத்தும் வட்டம் போகவில்லை. ஸ்க்ரீன் கார்டுக்கு அடியில், கேமராவின் ஓரமாகத் தூசி புகுந்திருந்தது. அதைத் துடைத்து எடுக்க முடியாது, கார்டைத்தான் மாற்ற வேண்டும். மாற்றினோம்.

அடுத்தது முகப்பதிவு. போன் வாங்கிய அன்றே கடைப்பையன், கடையின் பளீர் வெளிச்சத்தில், கண்ணாடி இல்லாமல் பதிந்து கொடுத்திருக்கிறான். வீட்டில் சித்தப்பா கண்ணாடியைக் கழற்றுவதே தூங்கத்தான். செட்டிங்ஸில் பழைய முகத்தை அழித்துவிட்டு, காலை பத்து மணிக்கு ஜன்னலைப் பார்த்து உட்காரவைத்தேன். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருண்டுவிடும். போனை முகத்துக்கு நேராக, ஒன்றரை அடி தள்ளிப் பிடித்து முதலில் கண்ணாடி இல்லாமல் பதிந்தோம். அப்புறம் இரண்டாம் தோற்றமாகக் கண்ணாடியோடு. சாம்சங் போன்களில் இதற்கு Add alternative look என்று இருக்கும். ஐபோனில் Set Up an Alternate Appearance. இரண்டாம் தோற்றம் சேர்க்க வழியில்லாத போன் என்றால், அன்றாடம் போடும் கண்ணாடியோடு பதிவதே நல்லது.

ஐபோன்காரர்கள் முகத்தை அழிக்கும் முன் ஒன்றைச் செய்து பார்க்கலாம். முகம் நூலிழையில் ஒத்துப்போகாமல் தவறியதும் உடனே பாஸ்கோடைப் போட்டுத் திறந்தால், போன் மறுபடி ஒரு முறை முகத்தைப் பிடித்துத் தன் பதிவோடு சேர்த்துக்கொள்ளும். புதுக் கண்ணாடி அதற்குப் பழகுவது பெரும்பாலும் இப்படித்தான்.

டியூப்லைட் பிரச்சினை முக்கால்வாசி தீர்ந்தது. விடிகாலை இருட்டு தீரவில்லை. சில ஆண்ட்ராய்டு போன்களில் Brighten screen என்ற வசதி, திரையின் வெளிச்சத்தையே கூட்டி முகத்தில் அடிக்கும். அறைக்குள் அது உதவும். தெருவிளக்கு எரியாத சந்தில் அது போதாமலும் போகலாம். கண் மூடியிருந்தாலும் திறக்கும்படி அமைப்பை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நான் செய்வதில்லை. தூங்குபவர் முகத்துக்கு நேரே போனைக் காட்டி யார் வேண்டுமானாலும் திறந்துவிடலாம்.

அதனால் சித்தப்பாவின் கைவிரலையும் பதிந்து கொடுத்தேன். இப்போதெல்லாம் விடிகாலையில் அவர் போனுக்கு முகத்தைக் காட்டுவதே இல்லை. விரலை வைத்துத் திறந்து, டார்ச்சைப் போட்டுக்கொண்டு நடக்கப் போய்விடுகிறார்.